இந்த முறை ஆர்டர் உங்களுக்கு இல்லை

கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் நடுத்தர அளவு கம்பெனி ஒன்றை எடுத்துக்கொள்வோம். புதிய மாடல் ஒன்றுக்குக் கேசிங் வார்ப்படம் வேண்டும். பர்ச்சேஸ் பிரிவு ஐந்து பவுண்டரிகளுக்கு வரைபடத்தை அனுப்பி விலை கேட்கிறது. ஐந்து பேரும் வரைபடத்தை விரித்து எடை கணக்கிடுகிறார்கள். கோர் எத்தனை, ரைசர் எங்கே வைப்பது, ஒரு மோல்டில் எத்தனை காய் வரும் என்று பார்த்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கொட்டேஷன் கொடுக்கிறார்கள். ஆர்டர் ஒருவருக்குத்தான் போகும். மற்ற நான்கு பேருக்கு என்ன ஆகிறது?

பெரும்பாலான இடங்களில் ஒன்றும் ஆவதில்லை. இரண்டு வாரம் கழித்து பவுண்டரிக்காரர் போன் செய்வார். “இன்னும் முடிவாகலைங்க, சொல்றோம்” என்று பதில் வரும். இன்னும் பத்து நாள் கழித்து அழைத்தால், “எம்.டி. வெளியூர் போயிருக்காருங்க.” அதற்கடுத்த முறை போனையே எடுக்க மாட்டார்கள். தனக்கு ஆர்டர் இல்லை என்பதை அவர் ஒருநாள் வேறொரு பவுண்டரியின் வாசலில், அந்தக் கேசிங் லாரியில் ஏறுவதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

இப்படி மௌனம் காப்பவர்களை இரக்கமற்றவர்கள் என்று சொல்லிவிட முடியாது. முகத்துக்கு நேராக “இல்லை” என்று சொல்ல மனம் வராததுதான் பல இடங்களில் காரணம். நாளைக்கு அதே பவுண்டரிக்காரரைக் கல்யாண வீட்டில் பார்க்க வேண்டியிருக்கும் என்ற கூச்சமும் உண்டு. ஆனால் அந்தக் கூச்சத்தின் செலவு எதிர்த் தரப்பின் கணக்கில்தான் ஏறுகிறது. மாதம் 500 கேசிங் வரலாம் என்று நம்புகிற பவுண்டரி தன் மோல்டிங் நேரத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வைக்கிறது. வேறு வேலை வந்தால் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறது. சில சமயம் விலை ஏறுமுன் என்று பிக் அயர்னையும் வாங்கிப் போட்டுவிடுகிறது. முப்பது நாள் செல்லும் என்று கொடுத்த கொட்டேஷன் அறுபது நாளாகியும் பதில் இல்லாமல் கிடந்தால், அதற்குப் பின்னால் ஒருவருடைய பணம் முடங்கிக் கிடக்கிறது.

சட்டம் சொல்லித் தரும் எல்லை

அரசு கொள்முதலில் இந்தப் பிரச்சினைக்குப் பல நாடுகள் எப்போதோ விடை எழுதிவிட்டன. பொதுப் பணம் என்பதால் அங்கே மௌனத்துக்கு இடமில்லை. தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி, யாருடைய டெண்டர் ஏற்கப்பட்டது என்ற விவரத்தோடு, மற்றவை ஏன் நிராகரிக்கப்பட்டன என்ற காரணத்தையும் டெண்டர் புல்லட்டின் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். முடிவில் குறை காண்பவர் பத்து நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டுக் கொள்முதல் நெறிமுறையில், தோற்றவர் எழுத்தில் கேட்டால் பதினைந்து நாளுக்குள் காரணம் சொல்லியாக வேண்டும்.

இவற்றில் தனியார் நிறுவனங்களுக்கு அதிகம் பயன்படுவது அமெரிக்க மத்திய அரசின் கொள்முதல் விதிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் ஒரு நடைமுறை. போட்டி முறையில் நடக்கும் பெரிய கொள்முதல்களில், ஆர்டர் கிடைக்காதவர் மூன்று நாளுக்குள் எழுதிக் கேட்டால், அதிகாரிகள் அவரை உட்காரவைத்து விளக்கம் தருகிறார்கள். அங்கே எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்பதற்கு எல்லை வகுத்திருக்கிறார்கள். தோற்றவரின் முன்மொழிவில் இருந்த முக்கியமான குறைகளைச் சொல்ல வேண்டும். எந்த அடிப்படையில் தேர்வு நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ஆனால் “இந்த இடத்தில் நீங்கள் இப்படி, அவர் அப்படி” என்று ஒவ்வொரு அம்சமாக வென்றவரோடு ஒப்பிடக் கூடாது. வென்றவரின் செலவுக் கணக்கு, லாப விகிதம், தொழில் ரகசியம் ஆகியவை வெளியே போகக் கூடாது. தோற்றவரின் பழைய வேலையைப் பற்றி யாரிடம் விசாரித்தார்கள் என்ற பெயரும் வெளியே வரக் கூடாது.

கோவை கம்பெனிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனாலும் அதில் உள்ள பகுத்தறிவு அப்படியே பொருந்தும். அவருடையதைப் பற்றி அவரிடம் சொல்லலாம். அடுத்தவருடையதைப் பற்றி அவரிடம் பேசக் கூடாது. இந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொண்டால், மறுப்புக் கடிதம் எழுதும்போது வரும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பொய்யான காரணம் என்ன செய்யும்

மீண்டும் பம்ப் கேசிங்குக்கு வருவோம். ஒரு கேசிங்கின் எடை 18 கிலோ. மாதத் தேவை 500. வந்த ஐந்து கொட்டேஷன்களில் முதல் பவுண்டரி கிலோவுக்கு 118 ரூபாய் கேட்டிருக்கிறது, இரண்டாவது 121 ரூபாய். மற்ற மூன்றும் இன்னும் மேலே. கம்பெனி முதல் இரண்டு பேரிடம் மட்டும் தன் பேட்டர்னைக் கொடுத்து, ஆளுக்கு 20 மாதிரி வார்க்கச் சொல்கிறது. பம்ப் வேலை செய்யும் அழுத்தம் 4 கிலோ என்பதால், கடைசல் முடித்த கேசிங்கை 6 கிலோ தண்ணீர் அழுத்தத்தில் சோதிப்பார்கள். இருபதில் ஒன்றுக்கு மேல் கசிந்தால் ஏற்க மாட்டோம் என்று விலை கேட்கும்போதே எழுதியிருக்கிறார்கள்.

118 ரூபாய்க்காரரின் மாதிரிகளில் மூன்று கசிந்துவிட்டன. மூன்றும் ஒரே இடத்தில், ஃபிளாஞ்சும் கேசிங் உடலும் சேருகிற தடித்த பகுதியில். வார்ப்படத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழகிய கதை. இரும்பு உறையும்போது சுருங்கும். தடித்த இடம் கடைசியில் உறைவதால், அந்த நேரத்தில் அங்கே ஊட்ட ரைசரில் உருகிய இரும்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத பொடித் துளைகள் விழும். கடைசலில் மேல்தோல் போனதும் தண்ணீர் அந்தத் துளைகள் வழியே வெளியே வரும்.

இரண்டாவது பவுண்டரியின் இருபதில் ஒன்றும் கசியவில்லை. ஆர்டர் அவருக்கு. கணக்கும் அதைத்தான் சொல்கிறது. மூன்று ரூபாய் வித்தியாசம் ஒரு கேசிங்குக்கு 54 ரூபாய், மாதத்துக்கு 27,000 ரூபாய். இருபதுக்கு மூன்று என்ற வீதம் அப்படியே தொடர்ந்தால் மாதம் 75 கேசிங் கசியும். ஒவ்வொன்றுக்கும் கடைசல் செலவு 350 ரூபாய் என்று வைத்தால் 26,250 ரூபாய் வீண். வார்ப்படத்தைப் பவுண்டரி மாற்றித் தந்துவிடும். கடைசல் கூலியை யார் தருவார்? அதற்கு மேல் அசெம்பிளி நின்றுபோகும் நஷ்டம் வேறு.

இப்போது பர்ச்சேஸ் அதிகாரி 118 ரூபாய்க்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். தரத்தைக் குறை சொன்னால் மனம் நோகும் என்று நினைத்து, எல்லோரும் சொல்கிற மாதிரி “ரேட் ஒத்துவரலைங்க” என்று சொல்லிவிடுகிறார். கேட்பவருக்கும் அது கௌரவமாகத்தான் இருக்கிறது. பிரச்சினை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

மறுநாள் பவுண்டரிக்காரர் 114 ரூபாய்க்குத் திருத்திய கொட்டேஷனோடு வருகிறார். இனி அதிகாரி இரண்டாவது பொய்யைத் தேட வேண்டும். அதைவிட மோசமானது பவுண்டரிக்குள் நடப்பது. கிலோவுக்கு நான்கு ரூபாயை எங்கே குறைப்பது? உருக்கிய இரும்பில் எவ்வளவு விற்கிற காஸ்டிங்காக மாறுகிறது என்பதில்தான் பவுண்டரியின் லாபம் இருக்கிறது. அதை ஏற்ற எளிய வழி ரைசரைச் சின்னதாக்குவது. ரைசர் சிறுத்தால் தடித்த இடத்துக்கு ஊட்டம் குறையும், கசிவு கூடும். எந்தக் குறையால் ஆர்டர் போனதோ அந்தக் குறையையே, தன் கையாலேயே, அவர் வளர்த்துக்கொள்வார். அடுத்த வாடிக்கையாளரிடமும் இதேபோல் தோற்பார். அங்கேயும் யாராவது “ரேட்” என்று சொல்லிவிட்டால் இன்னும் கீழே இறங்குவார். மனம் நோகாமல் இருக்கச் சொன்ன ஒரு வார்த்தை ஒரு பவுண்டரியைத் தவறான திசையில் தள்ளிவிடுகிறது.

உண்மையான காரணம் எது என்று கண்டுபிடிப்பதும் எல்லா நேரத்திலும் எளிதல்ல. விலை, தரம், டெலிவரி, பழைய அனுபவம் என்று பல சங்கதிகள் மேசையில் கிடக்கும். அதற்கு ஒரு கேள்வி உதவும்: “இது ஒன்று மட்டும் சரியாக இருந்திருந்தால் ஆர்டரை அவருக்குக் கொடுத்திருப்போமா?” ஆம் என்று பதில் வந்தால் அதுதான் காரணம். இல்லை என்றால் அது சாக்கு. இங்கே கசிவு இல்லாமல் இருந்திருந்தால் 118 ரூபாய்க்காரருக்கே ஆர்டர் போயிருக்கும். ஆகவே சொல்ல வேண்டியது கசிவைத்தான், அதை மட்டும்தான். பில்லில் ஒரு முறை எழுத்துப் பிழை இருந்தது, சாம்பிள் இரண்டு நாள் தாமதமாக வந்தது என்பவற்றையெல்லாம் சேர்த்து அடுக்கத் தேவையில்லை. முடிவை மாற்றாத குறைகளைச் சேர்க்கச் சேர்க்க, படிப்பவருக்கு எதைத் திருத்துவது என்பது தெரியாமல் போகும். தன்னை வேண்டுமென்றே மட்டம் தட்டுகிறார்கள் என்ற எண்ணமும் வரும்.

கடிதம்

அப்படியானால் என்ன எழுதலாம்? இவ்வளவு போதும்:

“வணக்கம். பம்ப் கேசிங்குக்காக ஜூன் 4 அன்று நீங்கள் கொடுத்த கொட்டேஷனுக்கு இந்த முறை ஆர்டர் தர இயலவில்லை. உங்கள் விலை எங்களுக்கு ஏற்புடையதாகவே இருந்தது. மாதிரிகள் இருபதில் மூன்று, 6 கிலோ அழுத்தச் சோதனையில் ஃபிளாஞ்சு சேரும் இடத்தில் கசிந்தன. ஒன்றுக்கு மேல் கசியக் கூடாது என்பது எங்கள் நிபந்தனை. கசிந்த மூன்றிலும் இடத்தைக் குறித்து வைத்திருக்கிறோம். இந்த மாதக் கடைசிக்குள் எடுத்துச் சென்று அறுத்துப் பார்க்கலாம். மாதிரிகளுக்கான பில் தொகை வரும் 30-ஆம் தேதி உங்கள் கணக்கில் வரும். எங்கள் பேட்டர்னையும் வரைபடத்தையும் திருப்பி அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம். மாதிரி வார்த்துத் தந்ததற்கு நன்றி.”

முடிவு முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. பழைய கடிதப் பாடங்களில் இப்படிச் சொல்லித் தருவதில்லை. முதலில் பாராட்டு, பிறகு மெல்ல மெல்ல மறுப்பு என்றுதான் வணிகக் கடித நூல்கள் நெடுங்காலம் கற்பித்தன. அமெரிக்கப் பேராசிரியர் கிட்டி லாக்கர் இதைச் சோதித்துப் பார்த்தார். கடன் மறுப்புக் கடிதங்களையும் மேற்படிப்பில் இடம் மறுக்கும் கடிதங்களையும் பல விதமாக எழுதி மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார். 1999-இல் வெளியான அவருடைய ஆய்வின்படி, முன்னால் வைத்த மெத்தென்ற வாக்கியங்கள் படிப்பவரின் மனநிலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் உண்டாக்கவில்லை. தன் நிறுவனத்தையே உயர்த்திப் பேசிய கடிதங்களோ எதிர்விளைவைத்தான் தந்தன. கடன் இல்லை என்று சொல்லிவிட்டு, எங்கள் மற்ற சேவைகளைப் பயன்படுத்துங்கள் என்று அழைத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

இந்தக் கடிதத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று “இருபதில் மூன்று” என்ற எண்ணிக்கை. “உங்கள் வார்ப்படத்தில் 15 சதவீதம் கசிகிறது” என்று எழுதியிருந்தால் அது அத்துமீறல். இருபது என்பது சின்ன மாதிரி. அதை வைத்து ஒரு பவுண்டரியின் முழுத் தரத்தையும் எடைபோட முடியாது. “உங்கள் தரம் போதாது” என்பது தீர்ப்பு. “மூன்று கசிந்தன” என்பது நடந்தது. நடந்ததை யாரும் மறுக்க முடியாது, பவுண்டரிக்காரர் விரும்பினால் அறுத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். மரியாதை என்பது இங்கே இனிய சொற்களில் இல்லை. குறித்து வைத்த அந்த மூன்று கேசிங்குகளிலும், தேதி சொல்லிக் கொடுத்த மாதிரி பில்லிலும் இருக்கிறது.

கடிதத்தில் இல்லாத ஒன்றும் உண்டு. “வருங்காலத்தில் நிச்சயம் சேர்ந்து பணியாற்றுவோம்” என்ற வழக்கமான வரி. அடுத்த மாடலுக்கு உண்மையிலேயே அவரிடம் விலை கேட்கப் போகிறார்கள் என்றால் எழுதலாம். எப்போது, எந்தக் காய்க்கு என்பதையும் சேர்த்து. வெறும் உபசாரமாக எழுதினால், அதையே நம்பி மாதாமாதம் போன் செய்பவரை மறுபடியும் மறுபடியும் மறுக்க வேண்டிவரும்.

மாதிரி நிலைக்கே வராத மற்ற மூன்று பவுண்டரிகளுக்கு இரண்டு வரி போதும். ஆர்டர் இல்லை, விலை வரிசையில் நீங்கள் நான்காவது, முதல் இரண்டு பேரிடம் மட்டும் மாதிரி கேட்டோம். தேர்வானவரின் விலையைச் சொல்லத் தேவையில்லை. அரசு டெண்டரில் விலைகளை எல்லோர் முன்னிலையிலும் திறக்கிறார்கள், அங்கே ரகசியம் இல்லை. தனியாரிடம் கொடுத்த கொட்டேஷன் நம்பிக்கையில் கொடுத்தது. ஒருவர் விலையை இன்னொருவரிடம் சொல்கிற கம்பெனி நாளைக்கு நம் விலையையும் சொல்லும் என்பது பவுண்டரிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

போன் வரும்போது

கடிதம் போன மறுநாள் போன் வரும். பேசுகிறவர் முப்பது வருடம் உலையோடு வாழ்ந்த பெரியவர். கேட்கிற அதிகாரிக்கு வயது முப்பதுதான்.

“தம்பி, மூணு காய்தானே? அது அன்னிக்கு மண்ணு கொஞ்சம் ஈரம். ஒரு தடவ ஆர்டர் குடுத்துப் பாருங்க.”

“நீங்க சொல்ற மாதிரி மண்ணா இருக்கலாங்கய்யா. ஆனா மூணுமே ஒரே எடத்துல கசிஞ்சிருக்குதுங்க. நீங்க அறுத்துப் பாத்தா ஒங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்.”

“ரேட்ட வேணும்னாக் கொறச்சுக்கலாம்.”

“ரேட்டு பிரச்சினையே இல்லைங்கய்யா. இந்தக் கேசிங் ஆர்டர் குடுத்தாச்சுங்க, இதுல மாத்தறதுக்கு இல்லைங்க.”

அதிகாரி இங்கே புதிய காரணம் எதையும் சேர்க்கவில்லை. அது முக்கியம். வாதம் நீள நீள, தற்காத்துக்கொள்ளும் அவசரத்தில் “போன வருஷம்கூட நீங்க லேட்டாத்தான் குடுத்தீங்க” என்பது போல ஏதாவது வாயில் வந்துவிடும். அதோடு முதல் காரணத்தின் நேர்மையும் போய்விடும். தேய்ந்த மண், ஈரம் என்று அவர் தரும் விளக்கத்தை மறுக்கவும் இல்லை. வார்ப்பின் குறைக்கு நோய்நாடுவது பவுண்டரியின் வேலை, வாங்குகிறவரின் வேலை அல்ல. சோதனையில் உண்மையிலேயே தவறு நடந்திருக்கிறது என்று தெரியவந்தால், உதாரணமாகக் கசிவு ரப்பர் வாஷரில்தான் என்று பெரியவர் காட்டிவிட்டால், மறுபடி சோதித்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும். காரணத்தை வெளிப்படையாகச் சொல்வதில் வாங்குகிறவருக்குக் கிடைக்கும் லாபம் இது: அவருடைய பிழையும் பிடிபடும்.

ஆள் எடுக்கும்போது

வேலைக்கு வந்தவரை மறுப்பது இதைவிடக் கடினம். கேசிங்கைக் குறை சொன்னால் கேசிங் வருந்தாது. இங்கே சோதனைக்கு உட்கார்ந்தது ஒரு மனிதர். அவருடைய வீட்டில் பதிலுக்காகக் காத்திருப்பவர்கள் இன்னும் நான்கு பேர் இருக்கலாம்.

பதிலே வராமல் காத்திருப்பது உலகெங்கும் இருக்கும் குறை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி முதல், 25 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனங்கள், வெளியில் விளம்பரம் செய்த வேலைக்கு நேர்காணலுக்கு வந்தவருக்கு 45 நாளுக்குள் முடிவு ஆகிவிட்டதா என்று தெரிவிக்க வேண்டும். காரணம் சொல்லச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. மௌனத்தை மட்டும் தடுக்கிறது.

காரணம் சொல்லத் தயங்குவதற்கு நிறுவனங்களிடம் ஒரு நியாயமும் உண்டு. ஜெர்மனியில் 2006-இல் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தது. வயது, பாலினம், பூர்விகம் போன்றவற்றால் மறுக்கப்பட்டதாக நினைப்பவர் இரண்டு மாதத்துக்குள் இழப்பீடு கோரலாம். அதன் பிறகு அங்கே பல நிறுவனங்கள் ஒரு சொல்லும் பிடிகொடுக்காத பொதுவான கடிதங்களுக்கு மாறிக்கொண்டன. ஆனால் மௌனம் முழுப் பாதுகாப்பும் அல்ல. ரஷ்யாவில் பிறந்த பெண் பொறியாளர் ஒருவர், எந்தக் காரணமும் சொல்லாமல் தன்னை மறுத்த ஜெர்மன் நிறுவனத்தின் மேல் தொடுத்த வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் 2012-இல் தீர்ப்புச் சொன்னது. தேர்வானவர் யார் என்ற விவரத்தைப் பெற அவருக்கு உரிமை இல்லை. ஆனால் நிறுவனம் எதையுமே சொல்ல மறுப்பதையும், பாகுபாடு நடந்ததா என்று எடைபோடும்போது நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்றது.

இந்தியத் தனியார் துறைக்கு இப்படி எல்லாவற்றையும் அடக்கிய ஒரே சட்டம் இல்லை. ஆனால் ஆள் எடுப்பதில் பெண்களிடம் பாகுபாடு கூடாது என்று 1976-இன் சம ஊதியச் சட்டமே சொன்னது. திருநர்களுக்கு வேலையில் பாகுபாடு காட்டுவதை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

காரணத்தை எழுத உட்காரும்போது, சில இடங்களில் பேனா நின்றுவிடும். “புதுசாக் கல்யாணம் ஆன பொண்ணு, ஆறு மாசத்துல லீவுல போயிடும்” என்பதுதான் நேர்காணல் அறையில் பேசிய உண்மையான காரணமாக இருந்தால், அதைக் கடிதத்தில் எழுத முடியாது. பலரும் அந்த இடத்தில் வேறு வார்த்தை தேடுகிறார்கள். “எங்கள் சூழலுக்குப் பொருந்தவில்லை” என்று எழுதிக் கடந்துபோகிறார்கள். தேட வேண்டியது வேறு வார்த்தையை அல்ல. கடிதத்தில் எழுத முடியாத காரணத்துக்காக ஒருவரை மறுக்கவே கூடாது. முடிவைத்தான் திருப்பி எடுத்துப் பார்க்க வேண்டும். “பொருந்தவில்லை”, “தகுதி அதிகம்” என்ற இரண்டு சொற்களையும் கடிதத்தில் கண்டால், அவற்றின் பின்னால் என்ன இருக்கிறது என்று நிறுவனத்தின் உரிமையாளரே ஒரு முறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

அதே பம்ப் கம்பெனியில் கணக்காளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வைப்போம். விண்ணப்பம் மட்டும் அனுப்பியவர்களுக்கு ஒரு வரிப் பதில் போதும். அவர்களைப் பற்றி நிறுவனத்துக்குப் பெரிதாக எதுவும் தெரியாது, காரணம் என்று நீட்டினால் அது கற்பனையாகிவிடும். நேர்காணலுக்குப் பேருந்து ஏறி வந்து, மாதிரிக் கணக்கும் போட்டுக் காட்டியவருக்குக் காரணம் உரியது. “நேர்காணலுக்கு வந்ததற்கு நன்றி. கணக்காளர் பணிக்கு வேறொருவரைத் தேர்வு செய்திருக்கிறோம். எங்கள் விற்பனையில் பெரும் பகுதி ஏற்றுமதி என்பதால் ஜி.எஸ்.டி. ரீஃபண்டு விண்ணப்பங்களைத் தனியாகக் கையாண்ட அனுபவம் தேவைப்பட்டது. உங்கள் நான்கு வருட அனுபவம் உள்நாட்டு விற்பனைக் கணக்கில் இருந்தது. உங்கள் மாதிரிக் கணக்கில் பிழை இல்லை” என்று எழுதலாம். அவர் அடுத்து எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது தெரிகிறது, எது சரியாக இருந்தது என்பதும் தெரிகிறது. கடைசி வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும் எழுத வேண்டும்.

பேச்சு, பழக்கம், தோற்றம் பற்றிய காரணங்களில் நடந்ததை மட்டும் சொல்வது என்ற அதே விதி இன்னும் கறாராகப் பொருந்தும். “தன்னம்பிக்கை இல்லை” என்பது ஆளைப் பற்றிய தீர்ப்பு. “வங்கி ஒத்திசைவு பற்றிய இரண்டு கேள்விகளுக்குப் பதில் வரவில்லை” என்பது நடந்தது. பழைய முதலாளியிடம் விசாரித்ததில் பாதகமான சொல் வந்திருந்தால், அதைச் சொன்னவரின் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்பதால் விவரம் சொல்ல முடியாது. அங்கே, “விசாரிப்புகளின் அடிப்படையில் முடிவெடுத்தோம், விவரம் பகிர இயலாது” என்று நிறுத்திக்கொள்வது நேர்மையானது. அதை மறைக்க இல்லாத ஏற்றுமதிக் காரணத்தைச் சொன்னால், அவர் ஆறு மாதம் செலவழித்து அதைப் படித்துவிட்டு, மறுபடி விண்ணப்பிப்பார்.

எல்லாவற்றிலும் சிக்கலானது இரண்டாம் இடத்தில் இருப்பவருக்குப் பதில் சொல்வது. நம் ஊரில் நோட்டீஸ் காலம் அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று நீள்கிறது. தேர்வானவர் ஆஃபரை வாங்கிக்கொண்டு, கடைசி வாரத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விடுவதும் உண்டு. அதனால்தான் நிறுவனங்கள் இரண்டாம் ஆளிடம் எதுவும் சொல்லாமல் கையிருப்பாக வைத்துக்கொள்கின்றன. அவரோ ஒவ்வொரு வாரமும் போன் செய்து, “பிராசஸ்ல இருக்குதுங்க” என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு, வேறு வாய்ப்புகளைத் தள்ளிப் போடுகிறார்.

உள்ளதைச் சொன்னால் இரண்டு தரப்புக்கும் வழி பிறக்கும். “வேறொருவருக்கு ஆஃபர் கொடுத்திருக்கிறோம். அவர் ஆகஸ்ட் 12 அன்று சேர வேண்டும். அவர் சேரவில்லை என்றால் உங்களைத்தான் அழைப்போம். சேர்ந்துவிட்டால் ஆகஸ்ட் 14-க்குள் சொல்லிவிடுவோம். அதுவரை நீங்கள் எங்களுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வேறு வேலை கிடைத்தால் சேர்ந்துகொள்ளுங்கள், எங்களுக்கு ஒரு வரி தெரிவித்தால் போதும்.” இதைப் படித்தவர் வேறு வேலைக்குப் போய்விடக்கூடும். அந்த ஆபத்தை நிறுவனம் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். இதுவரை அவர் அறியாமலே அதைச் சுமந்துகொண்டிருந்தார். ஆகஸ்ட் 14 அன்று, முடிவு எதுவானாலும், அவருக்குப் போன் போக வேண்டும்.